'பத்தில் ஒன்பது பேர்' என்று அச்சடிக்கும் முன்: ஒரு விதைக்கடை நோட்டீஸைத் திருத்தி எழுதும் முறை

சித்திரை பிறந்ததும் கும்பகோணம், ஆடுதுறை, பாபநாசம் பக்கத்து அச்சகங்களில் விதைக்கடை நோட்டீஸ் வேலை குவியத் தொடங்கிவிடும். ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா என்று டீக்கடையில் பேச்சு எழும்போதே குறுவைக்கு விதை நெல் எங்கே வாங்குவது என்ற பேச்சும் எழும். அந்தச் சமயத்தில் வாசகம் எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களில் பலர் கையோடு ஒரு வரியைக் கொண்டுவருகிறார்கள்: 'பத்தில் ஒன்பது விவசாயிகள் எங்கள் விதையையே மீண்டும் வாங்குகிறார்கள்.'

இந்த ஒரு வரியை எப்படித் திருத்துவது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். நான் பல வருடங்களாகக் கடைகளுக்கு நோட்டீஸ் வாசகம் எழுதுகிறவன். என்னிடம் வந்த பல கடைகளின் அனுபவத்தைச் சேர்த்து ஒரே கடையாக்கியிருக்கிறேன். கணக்கு புரிவதற்காக எண்களை நானே அமைத்திருக்கிறேன். ஆனால் எண் எந்தெந்த இடத்தில் ஒழுகும் என்பது அப்படியே நடப்பதுதான்.

விதைக்கடையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. பற்பசை நன்றாக இல்லையென்றால் அடுத்த மாதம் வேறு வாங்கிக்கொள்ளலாம். விதை முளைக்கவில்லையென்றால் ஒரு குடும்பத்துக்கு ஒரு பட்டமே போய்விடும். நோட்டீஸைப் பார்த்து விதை வாங்குகிறவர் அந்த 'ஒன்பது பேரை' நம்பி நாற்றங்காலில் இறங்குகிறார்.

முதலில் நோட்டைக் கேளுங்கள்

'இந்த ஒன்பது எங்கேயிருந்து வந்தது அண்ணே?' என்று கேட்டால் பெரும்பாலும் 'எல்லாரும் சொல்றாங்க தம்பி' என்றுதான் பதில் வரும். அங்கே நின்றுவிடக் கூடாது. யார் கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள், எதில் எழுதி வைத்தார்கள் என்று தொடர்ந்து கேட்க வேண்டும். எழுதியது எதுவும் இல்லையென்றால் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை, எண்ணை எடுத்துவிட வேண்டியதுதான். நம் கடைக்காரரிடம் நல்லவேளையாக நோட்டு இருந்தது. மார்ச் மாதம் அவரே உட்கார்ந்து வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டு, ஆமாம் என்றவர்களுக்கு டிக் அடித்திருந்தார். 40 பேர், அதில் 36 டிக். வகுத்தால் சரியாகப் பத்துக்கு ஒன்பது.

கணக்கு சரி. ஆனால் வாக்கியம் பேசுவது 'விவசாயிகளை'ப் பற்றி. நோட்டில் இருப்பது 40 பேர். இந்த 40 பேர் யார் என்று தெரிந்தால்தான் வாக்கியத்தில் யாரை வைக்கலாம் என்று தெரியும்.

மேலிருந்து கீழே எண்ணி இறங்குங்கள்

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பெரிய எண்ணிலிருந்து சின்ன எண் வரை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு படியிலும் யார் உதிர்ந்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான்.

2024 குறுவைக்கு விதை நெல் விற்ற பில்கள் மொத்தம் 212. ஒரே ஆள் இரண்டு தடவை வந்து வாங்கியிருப்பார், அப்பா பெயரில் ஒன்றும் மகன் பெயரில் ஒன்றும் பில் இருக்கும். அவற்றைச் சேர்த்துவிட்டுப் பார்த்தால் 187 விவசாயிகள். இதுதான் உண்மையான 'எங்கள் வாடிக்கையாளர்கள்'.

இந்த 187-ல் கடைக்காரரிடம் போன் எண் இருந்தது 64 பேருக்கு மட்டும். ஏன் 64 என்று கேட்டேன். பற்று நோட்டில் இருப்பவர்களின் எண்ணைத்தான் அவர் எழுதி வைப்பாராம். அதாவது கடனில் வாங்கியவர்கள். ரொக்கம் கொடுத்துவிட்டுப் போன 123 பேர் இந்தக் கணக்கிலேயே இல்லை.

64 பேருக்குப் போன் போட்டதில் எடுத்தவர்கள் 40. மீதி 24 பேர் எடுக்கவில்லை. விதை சரியாக வராதவர் கடைக்காரர் பெயரைத் திரையில் பார்த்ததும் எடுக்காமல் விட்டிருக்கலாம், பாக்கி கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தும் விட்டிருக்கலாம், அல்லது உளுந்துக் காட்டில் வேலையாக இருந்திருக்கலாம். எது என்று நமக்குத் தெரியாது. எடுத்த 40 பேரில் ஆமாம் என்றவர்கள் 36.

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். எடுக்காத 24 பேரும் 'மாட்டேன்' என்று சொல்லியிருந்தால் 64-க்கு 36, அதாவது 56 சதவீதம். அந்த 24 பேரும் 'வாங்குவேன்' என்று சொல்லியிருந்தால் 64-க்கு 60, அதாவது 94 சதவீதம். கடனில் வாங்கியவர்களைப் பற்றியே இந்த எண் 56-லிருந்து 94 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ரொக்கத்துக்கு வாங்கியவர்களைப் பற்றி நோட்டு எதுவுமே சொல்லவில்லை. இந்த இரண்டு எண்களையும் தாளில் எழுதிக் காட்டினால் கடைக்காரருக்கு நாம் வேறு எதுவும் விளக்க வேண்டியிருக்காது. நம் கடைக்காரர் தாளைக் கையில் வாங்கிச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கேட்ட கேள்வியைக் கேட்டபடியே எழுதுங்கள்

அடுத்து, போனில் என்ன கேட்டீர்கள் என்று கேளுங்கள். சுருக்கமாகச் சொல்ல விடாதீர்கள். அவர் வாயிலிருந்து வந்த சொல்லே வேண்டும். இவர் கேட்டது: 'என்ன மாமா, இந்தக் குறுவைக்கும் நம்ம விதைதானே?'

பற்று நோட்டில் பாக்கி இருக்கிறது. கடைக்காரரே கேட்கிறார். கேள்வியிலேயே 'தானே' இருக்கிறது. இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அப்படியும் நான்கு பேர் இல்லை என்றிருக்கிறார்கள் என்றால், அந்த நான்கு பேரிடம் முதலில் போய்ப் பேசுங்கள் என்று நான் சொல்வேன். விதையைப் பற்றிய உண்மையான செய்தி அவர்களிடம்தான் இருக்கும்.

இன்னொன்றும் இந்தக் கேள்வியில் வெளியே வருகிறது. நோட்டீஸ் வரி 'மீண்டும் வாங்குகிறார்கள்' என்கிறது. போனில் கிடைத்தது 'வாங்குவேன்' என்ற சொல். சொன்னது வேறு, செய்தது வேறு. வாங்கினார்கள் என்று எழுத வேண்டுமென்றால் இரண்டு வருடத்துப் பில் புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர்களைப் பொருத்திப் பார்க்க வேண்டும். போன் அழைப்பை வைத்து அதை எழுத முடியாது.

கேள்வியின் அமைப்பு எண்ணை எப்படி மாற்றிவிடும் என்பதற்குப் பெரிய நிறுவனங்களிலேயே பாடம் இருக்கிறது. பிரிட்டனில் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட பல் மருத்துவர்கள் கோல்கேட்டைப் பரிந்துரைக்கிறார்கள் என்று விளம்பரம் வந்தது. 2007-ல் அங்குள்ள விளம்பரத் தர ஆணையம் அதை நிறுத்தச் சொன்னது. அந்தக் கணக்கெடுப்பில் ஒரு மருத்துவர் ஒன்றுக்கு மேற்பட்ட பற்பசையைச் சொல்லலாம். அப்படிச் சொன்னதில் போட்டி நிறுவனமும் ஏறக்குறைய அதே அளவு பெயர் வாங்கியிருந்தது. ஆனால் விளம்பரத்தைப் படிப்பவருக்கு மீதி 20 சதவீதம்தான் மற்ற எல்லோருக்கும் என்று தோன்றும். எண் பொய்யில்லை. கேள்வியைச் சொல்லாமல் விட்டதில்தான் கோளாறு. டெல்டாவிலும் இது அடிக்கடி நடக்கும். ஒரு விவசாயி மூன்று கடையில் விதை வாங்குவார். மூன்று கடைக்காரரும் அவரைத் தங்கள் ஒன்பதில் ஒருவராக எழுதிக்கொள்வார்கள்.

காலம் என்றால் வருடம் மட்டும் போதாது

வெளியூர்ப் பொருளுக்கு மாதமும் வருடமும் போட்டால் போதும். நம் ஊர் விதைக்குப் பட்டத்தையும் சொல்ல வேண்டும். குறுவை நெல் வேறு, சம்பா நெல் வேறு. ஆடுதுறை 43 போன்ற குறுகிய கால ரகத்தைப் பற்றிக் குறுவையில் கிடைத்த பதிலை, சம்பாவுக்கு விற்கும் நீண்ட கால ரகத்தின் நோட்டீஸில் போட்டால் அது வேறு பொருளின் பாராட்டு.

எந்த வருடத்துக் குறுவை என்பது இன்னும் முக்கியம். 2022-ல் மேட்டூர் மே 24 அன்றே திறந்தது. 2023-ல் வழக்கம்போல் ஜூன் 12. 2024-ல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. அந்த வருடம் காலத்தில் குறுவை போட்டவர்கள் பெரும்பாலும் பம்புசெட் வைத்திருந்தவர்கள். ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்பியிருந்தவர் நேரே சம்பாவுக்குப் போயிருப்பார். ஆக, '2024 குறுவையில் வாங்கியவர்கள்' என்று சொன்னாலே கடைமடைப் பக்கத்து விவசாயிக்கு 'இது போர் தண்ணீர்க்காரர்களின் பேச்சு' என்று புரிந்துவிடும். வருடத்தை எடுத்துவிட்டால் அந்தத் தகவலும் சேர்ந்து போய்விடுகிறது.

ஆகவே இரண்டு காலங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, அவர்கள் எந்தப் பட்டத்துக்கு வாங்கினார்கள் என்பது. மற்றது, நீங்கள் எப்போது கேட்டீர்கள் என்பது. அறுவடை முடிந்து மூட்டை எண்ணியபின் கேட்டதா, பயிர் பச்சையாக நிற்கும்போதே கேட்டதா என்பதில் பதில் மாறிவிடும்.

இருப்பதை முழுதாக எழுதிப் பாருங்கள்

இப்போது அழகைப் பற்றி நினைக்காமல், தெரிந்ததை எல்லாம் ஒரே வாக்கியத்தில் போடுங்கள்:

'2024 குறுவைக்கு எங்களிடம் கடனில் விதை நெல் வாங்கியவர்களில், 2025 மார்ச்சில் நாங்களே போன் செய்தபோது எடுத்த 40 பேரில் 36 பேர், இந்தக் குறுவைக்கும் எங்களிடமே வாங்குவதாகச் சொன்னார்கள்.'

இது முழுக்க உண்மை. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கடைக்காரர் இதைப் படித்துவிட்டு, 'தம்பி, இதைப் போட்டா நம்மளையே நாம காட்டிக்குடுத்த மாதிரி ஆகுமே' என்றார். அவர் சொன்னது சரிதான். முழு வாக்கியத்தை அச்சில் பார்க்கக் கூசுகிறது என்றால், அதன் சுருக்கத்தையும் அச்சிடக் கூடாது. 'கடனில்' என்ற சொல்லையோ 'எடுத்த' என்ற சொல்லையோ எடுத்துவிட்டால் வாக்கியம் பளபளப்பாகிவிடும், ஆனால் பொருள் மாறிவிடும். இந்த இடத்தில் வார்த்தையைச் செதுக்கிப் பயனில்லை. திரும்பக் கேட்க வேண்டும்.

ஒழுங்காகத் திரும்பக் கேட்பது

இதற்குப் பெரிய செலவில்லை, நான்கைந்து நாள் வேலைதான். 187 பேரையும் பில் தேதி வரிசையில் எழுதி எண் போடுங்கள். தேதி வரிசை நல்லது. முன்கூட்டியே வாங்கியவர், கடைசி நேரத்தில் ஓடிவந்தவர், ரொக்கம், கடன் எல்லோரும் கலந்து வருவார்கள். அப்புறம் 1, 2, 3 என்று மூன்று சீட்டு எழுதிக் குலுக்கி ஒன்றை எடுங்கள். 2 வந்தால் 2-ஆம் ஆள், 5-ஆம் ஆள், 8-ஆம் ஆள் என்று மூன்றுக்கு ஒருவராக 185 வரை போங்கள். 62 பேர் கிடைப்பார்கள். 'இவரு நமக்குத் தெரிஞ்சவரு, இவரைச் சேர்த்துக்குவோம்' என்று யாரையும் உள்ளே இழுக்கக் கூடாது. சண்டைக்காரர் என்று யாரையும் தள்ளவும் கூடாது.

போன் எண் இல்லாதவரைப் பில்லில் இருக்கும் ஊர்ப் பெயரை வைத்துத் தேட வேண்டியதுதான். ஊருக்கு ஒருவரைத் தெரிந்தால் போதும், எண் கிடைத்துவிடும். பகலில் வயலில் இருப்பார்கள் என்பதால் இரவு ஏழு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். எடுக்கவில்லையென்றால் வேறு வேறு நாளில் மூன்று முறையாவது முயற்சி செய்யுங்கள். முதல் முறையிலேயே எடுத்தவர்களோடு நிறுத்திக்கொண்டால், மறுபடி பழைய 40 பேர் கதைதான்.

கேட்கிறவர் கடைக்காரராக இருக்கக் கூடாது. பாக்கிப் பேச்சே வராத ஒருவர் கேட்கட்டும். நம் கடைக்காரர் கல்லூரியில் படிக்கும் தங்கை மகளைக் கேட்கச் சொன்னார். கேள்வியில் கடைப் பெயரையும் சேர்க்கவில்லை: 'ஐயா, இந்தக் குறுவைக்கு விதை நெல் எங்கே வாங்கலாம்னு இருக்கீங்க?' அவர்கள் சொன்ன பதிலை டிக்காக மாற்றாமல் சொன்னபடியே எழுதிக்கொண்டாள். 'இன்னும் முடிவு பண்ணலம்மா' என்பதும் ஒரு பதில்தான். அதை எந்தப் பக்கமும் சேர்க்காமல் தனியாக வைக்க வேண்டும், ஆனால் மொத்தத்தில் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

62 பேரில் பதில் கிடைத்தது 51 பேரிடம். அதில் 38 பேர் தாமாகவே இந்தக் கடைப் பெயரைச் சொன்னார்கள். ஐந்து பேர் முடிவு செய்யவில்லை. எட்டுப் பேர் வேறு கடை அல்லது சொந்த விதை.

பத்துக்கு ஒன்பது, ஏறக்குறைய நான்குக்கு மூன்றாகிவிட்டது. கடைக்காரருக்கு முகம் வாடியது உண்மை. ஆனால் பெயரைச் சொல்லாமல் கேட்டும் 38 பேர் தாமாகச் சொன்னது அந்தக் கடை நிஜமாகச் சம்பாதித்தது. முன்பு இருந்த 36-ல் எத்தனை பேர் முகத்துக்காகச் சொன்னார்கள் என்று அவருக்கே தெரியாது.

நோட்டீஸுக்குச் சுருக்குவது

சுருக்கும்போது மூன்று விஷயங்கள் விழக் கூடாது: யாரிடம் கேட்டது, யார் கேட்டது, எப்போது. மற்றதைக் குறைக்கலாம். நம் வாசகம் இப்படி வந்தது:

'சென்ற ஆண்டு (2024) குறுவைக்கு எங்களிடம் விதை வாங்கியவர்களில் 51 பேரிடம் கேட்டோம். 38 பேர் இந்தக் குறுவைக்கும் எங்களிடமே வாங்குவதாகச் சொன்னார்கள். எங்கள் கடை எடுத்த கணக்கு, ஏப்ரல் 2025.'

இங்கே சதவீதம் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். நூறு பேருக்குக் கீழே இருந்தால் நான் சதவீதம் எழுதுவதில்லை. '74.5 சதவீதம்' என்று போட்டால் ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டதுபோல் ஒரு தோற்றம் வந்துவிடும். '51 பேரில் 38 பேர்' என்பதைச் சந்தைக்குப் போகிற யாரும் மனதுக்குள் எடைபோட்டுக்கொள்வார்கள். அதேபோல 'ஆய்வு' என்ற சொல்லையும் தவிர்த்தேன். கடைக்காரர் தன் வாடிக்கையாளரிடம் கேட்டது கணக்கு. ஆய்வு என்றால் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் செய்ததாக ஒருவர் நினைத்துக்கொள்ளக்கூடும். 'எங்கள் கடை எடுத்த கணக்கு' என்பது கொஞ்சம் எளிமையாகத் தெரிந்தாலும், கேட்டவர் விற்பவரே என்பதை மறைக்காமல் சொல்கிறது.

'முன்னணி', 'பெரும்பாலான', 'டெல்டா விவசாயிகள்' போன்ற சொற்களும் திரும்ப உள்ளே வரப் பார்க்கும். அச்சகத்தில் தலைப்புப் பெரிதாக வேண்டும் என்று யாராவது 'டெல்டா விவசாயிகளின் நம்பிக்கை' என்று மேலே சேர்த்துவிடுவார்கள். கீழே 51 பேர், மேலே டெல்டா முழுக்க. கடைசிப் ப்ரூஃபை நீங்களே பார்க்காமல் விடாதீர்கள்.

எழுத்தின் அளவும் மைக் வண்டியும்

தலைப்பில் பெரிய எண்ணைப் போட்டு, நட்சத்திரக் குறி வைத்து, விவரத்தைக் கீழே எறும்பு எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் போடுவது ஒரு பழைய பழக்கம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூன் மாதம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதைப் பற்றித் தெளிவாகச் சொல்கின்றன. நிபந்தனைக் குறிப்பு, விளம்பர வரி எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். தவறான பொருள் தரும் வரியைச் சரிசெய்யக் குறிப்பைப் பயன்படுத்தக் கூடாது. தனி ஆய்வை ஆதாரமாகக் காட்டினால் அதன் மூலத்தையும் தேதியையும் விளம்பரத்திலேயே குறிக்க வேண்டும். உண்மையா என்று சரிபார்க்கக்கூடிய எந்த வரிக்கும் ஆணையம் கேட்டால் சான்று காட்ட வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

மைக் வண்டிக்கு நட்சத்திரக் குறியே கிடையாது. ஆட்டோ தெருவைக் கடக்கும் நேரத்தில் காதில் விழுவது ஒரு வாக்கியம்தான். அந்த வாக்கியத்துக்குள்ளேயே எல்லாம் இருக்க வேண்டும்: 'போன குறுவைக்கு நம்மகிட்ட விதை வாங்கினவங்கள்ல 51 பேரைக் கேட்டோம், 38 பேர் மறுபடியும் நம்ம கடைக்குத்தான்னு சொன்னாங்க.' வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். அதற்கும் இடமில்லாத சின்ன ஃப்ளெக்ஸ் என்றால் எண்ணையே விட்டுவிட்டு ரகத்தின் பெயர், விலை, சான்று அட்டை உள்ள விதை என்ற தகவல், இவற்றைப் போடுங்கள். விவசாயி தேடி வருவதும் அதைத்தான்.

கம்பெனி கொடுத்த எண் என்றால்

உரக் கம்பெனியோ விதைக் கம்பெனியோ அனுப்பிய தாளில் 'பத்தில் ஒன்பது' இருந்தால் மூன்று கேள்விகளை விற்பனைப் பிரதிநிதியிடம் கேளுங்கள். எங்கே, எத்தனை பேரிடம், எந்தப் பட்டத்தில்? வேறு மாநிலத்தில் வேறு மண்ணில் எடுத்தது என்றால் அந்த மாநிலத்தின் பெயரை உங்கள் நோட்டீஸிலும் எழுதுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் போடாதீர்கள்.

கோப்பும் கெடு தேதியும்

நோட்டீஸ் அச்சுக்குப் போன அன்றே ஒரு உறையில் இவற்றைப் போட்டு வையுங்கள்: 187 பேர் பட்டியல், குலுக்கிய சீட்டில் வந்த எண், கேட்ட கேள்வி, 51 பதில்கள், கேட்டவர் பெயர், கேட்ட தேதிகள். எல்லாம் சேர்த்து நான்கு தாள்தான். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம். அதில் விவசாயிகளின் போன் எண் இருக்கும் என்பதால் கண்டவர் கையில் கொடுக்காதீர்கள்.

உறையின் மேல் கெடு தேதியும் எழுதுங்கள். நம் கடையின் உறையில் 'குறுவை 2025 விற்பனை முடியும் வரை' என்று எழுதினோம். மீதியிருந்த நோட்டீஸ்களைச் சம்பா விற்பனையில் கொடுக்கப் போவதாகக் கடைக்காரர் ஆவணியில் போன் செய்தார். இந்த வாசகம் குறுவை விதையைப் பற்றியது, சம்பாவுக்கு ஆகாது என்றேன். கட்டைப் பிரித்து, பின்பக்கம் வெறுமையாக இருந்ததால், பில் எழுதும் துண்டுத் தாளாக வெட்டிக்கொண்டார். சம்பாக்காரர்களின் பட்டியலை இந்த முறை போன் எண்ணோடு பில்லிலேயே எழுதத் தொடங்கியிருக்கிறார், ரொக்கத்துக்கு வாங்குகிறவர்களுக்கும் சேர்த்து.